எத்தனை சென்ட் வேண்டும்?

தங்கள் ஊரில் யாரேனும் ஒரு பெரியவர், "பிள்ளைகள் விளையாடுவதற்கு நிலம் தருகிறேன், எத்தனை சென்ட் வேண்டும்?" என்று கேட்டால் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியனாகப் பணியாற்றியவன் நான். அந்தக் கேள்விக்கு ஒருமுறை அவசரப்பட்டு விடை சொன்னவனும் நானே. அந்த விடையால் ஒரு பள்ளியின் மாணவிகள் நான்கு மாதங்கள் ஆசையோடு பயின்ற விளையாட்டை இழந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே கேள்வி என் சொந்தக் குடும்பத்திலிருந்தே மறுபடியும் வந்தது. இரண்டையும் தங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த சகோதரியின் கணவர், நான் மச்சான் என்று அழைப்பவர், வளைகுடாவில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பியவர். அவருடைய பேத்திகளில் மூத்தவள் டென்னிஸ் ஆடுகிறாள். இளையவள் கூடைப்பந்தில் கெட்டி. இருவரும் பயிற்சிக்காகப் பக்கத்து நகரத்திற்குப் பேருந்தில் போய்த் திரும்ப, சில நாட்களில் மஃரிபும் கடந்து இருட்டிவிடுகிறது. ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கென்று இங்கேயே ஓர் இடம் ஒதுக்கிவிட வேண்டும் என்பது மச்சானின் எண்ணம். அவரிடம் இரண்டு நிலங்கள் இருந்தன. ஒன்று வாய்க்கால் ஓரத்தில் 60 சென்ட். மற்றொன்று ஊருக்குள், பள்ளிவாசலுக்கு அடுத்தாற்போல் 45 சென்ட்.

"பெரியதையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் தம்பி. இரண்டு ஆட்டமும் தாராளமாய் ஆடலாம் அல்லவா?" என்றார்.

"அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மச்சான்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கொடுக்கிறவனிடம் அளவு கேட்பதா என்று முகம் சுருங்கினார். என் பழைய கதையை அவர் அறியமாட்டார். அதைத் தாங்கள் முதலில் அறிந்துகொள்வது நல்லது.

1990களில் ஒரு பள்ளியில் டென்னிஸ் ஆடுகளம் ஒன்று புதிதாகப் போடப்பட்டது. 120 அடி நீளம், 60 அடி அகலம் கொண்ட சிமெண்ட் தளம். இந்த அளவைக் கேட்டதும் டென்னிஸ் ஆடுகளம் அவ்வளவு பெரியதா என்று தாங்கள் வியக்கலாம். கோடுகளுக்குள் இருக்கும் ஆடுகளம் உண்மையில் 78 அடி நீளமே. இருவர் இருவராக ஆடும்போது அகலம் 36 அடி. மீட்டர் கணக்கில் 23.77க்கு 10.97. ஆனால் டென்னிஸ் கோட்டுக்குள் நின்று ஆடும் ஆட்டமன்று. பந்து கடைசிக் கோட்டருகே விழுந்து எழும்பி வரும். அதை எடுக்க ஆடுபவர் கோட்டிற்குப் பின்னால் வெகுதூரம் போக வேண்டும். எனவே பின்புறம் ஒவ்வொரு பக்கமும் 21 அடி, பக்கவாட்டில் 12 அடி வெற்றிடம் விடுவது வழக்கம். அப்படிக் கூட்டியதே 120க்கு 60. பொழுதுபோக்காக ஆடுவோர்க்குப் பின்புறம் 18 அடி, பக்கத்தில் 10 அடி என்று குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் சுவரில் மோதாமல் ஆட இயலாது.

தளம் காய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை; பள்ளி நிருவாகத்தில் ஒருவர் கேட்டார். "இவ்வளவு பெரிய தளத்தில் கூடைப்பந்துக்கும் கோடு போட்டுவிட்டால் என்ன? இரண்டு கம்பங்கள்தானே செலவு?"

நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் வெற்றிடம். ஆக 32க்கு 19 மீட்டர். டென்னிஸ் தளமோ 36.57க்கு 18.29. நீளம் தாராளம், அகலத்தில் 71 சென்டிமீட்டர் மட்டுமே குறைவு. "பக்கத்துக்கு ஒரு முழம்கூட இல்லை, அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம்" என்று நானே சொல்லிவிட்டேன். மஞ்சள் வண்ணத்தில் கோடுகள் போட்டோம். இரு முனைகளிலும் இரும்புக் கம்பங்களை நட்டுப் பலகையும் வளையமும் பொருத்தினோம். மாணவிகள் கூடைப்பந்து கற்கத் தொடங்கினார்கள். நான்கே மாதங்களில் நல்ல அணியாகத் திரண்டார்கள்.

நான் கணக்கிட்டது தரையை மட்டுமே. தலைக்கு மேலே இருக்கும் இடத்தைக் கணக்கிடவில்லை. வாசகர்களே, பிழை அங்கேதான் இருந்தது.

இரண்டு களங்களையும் நடுப்புள்ளி ஒன்றாக வருமாறு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து டென்னிஸின் கடைசிக் கோடு ஏறத்தாழ 11.9 மீட்டர் தொலைவில் வரும். கூடைப்பந்தின் கடைசிக் கோடு 14 மீட்டரில் வரும். ஆனால் கூடைப்பந்துப் பலகை தன் கடைசிக் கோட்டின்மேல் நிற்பதில்லை, கோட்டிலிருந்து 1.20 மீட்டர் களத்தின் உள்ளே நீட்டிக்கொண்டு தொங்குகிறது. வளையம் அதற்கும் முன்னால். கணக்குப் போட்டால், பலகை டென்னிஸின் கடைசிக் கோட்டிற்குச் சரியாக மூன்றடி பின்னால், தரையிலிருந்து 2.90 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. வளையத்தின் முன்விளிம்பு, அதே கோட்டிற்கு ஓரடி பின்னால், 3.05 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

டென்னிஸில் பந்தைத் தொடங்கிவைப்பவர், அதாவது சர்வீஸ் போடுபவர், எங்கே நிற்பார்? அந்தக் கடைசிக் கோட்டிற்கு ஓரடி பின்னால், நடுக்குறிக்கு அருகில். பந்தை எங்கே வீசுவார்? தலைக்கு நேர்மேலே, மூன்று மீட்டர் உயரத்திற்கு. பத்து ஆண்டுகள் யோசித்து ஓர் இடையூறு செய்ய நினைத்தாலும் அந்த வளையத்தை இதைவிடச் சரியான இடத்தில் யாரும் தொங்கவிட முடியாது. முதல் வாரத்தில் பிள்ளைகள் வீசிய பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கம்பம் சிரிப்பாக முடியவில்லை. கூடைப்பந்துக் கம்பத்தைக் கடைசிக் கோட்டிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நட வேண்டும் என்பது விதி. அவ்வாறே நட்டோம். ஆனால் அந்த இடம் டென்னிஸ் ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் நான்கு மீட்டர் தொலைவு. அவர் ஓடிப் பின்வாங்க வேண்டிய வெற்றிடத்தின் நடுவே. உயரமாக வந்த ஒரு பந்தை அண்ணாந்து பார்த்தபடியே பின்னோக்கி ஓடிய ஒரு மாணவி கம்பத்தில் தோளை மோதிக்கொண்டாள். எலும்பு முறிந்தது. ஆறு வாரக் கட்டுக்குப் பிறகு குணமானாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கம்பங்கள் அந்த வாரமே அறுத்து அகற்றப்பட்டன. கூடைப்பந்து அணி கலைந்தது. மஞ்சள் கோடுகள் மட்டும் பல ஆண்டுகள் அழியாமல் கிடந்து, நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரே தளத்தில் இரண்டும் கூடவே கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். கூடும், மூன்று நிபந்தனைகள் உண்டு. தளத்தின் அகலம் 18.29 அன்று, 19 மீட்டர் இருக்க வேண்டும். கூடைக் கம்பங்கள் சக்கரம் வைத்தவையாக இருந்து, டென்னிஸ் ஆடும் நேரத்தில் வேலிக்கு வெளியே தள்ளிவைக்கப்பட வேண்டும். கூடைப்பந்து ஆடும் நேரத்தில் டென்னிஸ் வலையும் அதன் இரு கம்பங்களும் கழற்றப்பட வேண்டும். வலைக்கம்பங்கள் கூடைப்பந்துக் களத்தின் எல்லைக்குள்ளேயே வருவதால் அவற்றைக் குழியிலிருந்து உருவி எடுத்துக் குழிக்கு மூடி போடுமாறு அமைக்க வேண்டும். சக்கரக் கம்பமோ சாயாமலிருக்க அடியில் பெரும் பாரம் ஏற்றப்பட்டது; நான்கு பெரியவர்கள் சேர்ந்து தள்ள வேண்டியது. நாள்தோறும் அதைத் தள்ளுவதற்கு ஆள் இருக்கும் இடத்தில் செய்யலாம். நான் கண்ட இடங்களில் முதல் மாதம் தள்ளினார்கள். பிறகு ஒரே ஆட்டம்தான் நடந்தது. பெரும்பாலும் பையன்களின் ஆட்டம்.

ஆகவே மச்சானிடம் நான் முடிவாகச் சொன்னது, இரண்டு தளங்கள் தனித்தனியே வேண்டும் என்பதே. அதற்கு இந்த இரண்டு நிலங்களில் எது இடம் தரும்?

அஸர் தொழுதுவிட்டு வாய்க்கால் ஓரத்து நிலத்திற்குப் போனோம். மச்சான் பத்திரத்தோடு புலப்படத்தையும் கொண்டுவந்திருந்தார். நீட்டுவாக்கில் அமைந்த நிலம். கிழக்கு மேற்காக 81 மீட்டர், வடக்கு தெற்காக 30 மீட்டர். கணக்குச் சரியே, ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, மீட்டரில் நாற்பதரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 60 சென்ட் குறையாமல் இருந்தது.

அப்போது சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. மச்சானை நிலத்தின் நடுவில் மேற்கு நோக்கி நிறுத்தி, "அந்தப் பனைமரத்தின் உச்சியைப் பாருங்கள்" என்றேன். கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். "பார்க்க முடியவில்லையே."

"பிள்ளைகள் எப்போது விளையாடுவார்கள் மச்சான்?"

"அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில்தானே."

விடை அதில் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் நேரமே சூரியன் தாழ்ந்து கண்ணில் குத்தும் நேரம். களத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால், ஒரு பக்கத்தில் ஆடுபவர் மேற்கு நோக்கியே நின்றாக வேண்டும். டென்னிஸில் உயரே வரும் பந்து சூரியனுக்குள் மறையும். கூடைப்பந்தில் மூன்று மீட்டர் உயர வளையத்தை நிமிர்ந்து குறிபார்க்கும் பெண்ணுக்கு வளையமே தெரியாது. அதனால்தான் இவ்விரு களங்களின் நீளமும் வடக்கு தெற்காக இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படி வைத்தால் காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் ஆடுபவருக்குப் பக்கவாட்டில் நின்றுவிடும்.

இந்த நிலத்தில் வடக்கு தெற்காகக் கிடைப்பது 30 மீட்டர். டென்னிஸுக்கு வேண்டியது 36.57, குறைத்து விட்டாலும் 34.75. கூடைப்பந்துக்கு வேண்டியது 32. ஆக 60 சென்ட் இருந்தும், இரண்டில் ஒன்றைக்கூடச் சரியான திசையில் வைக்க இடமில்லை. கிழக்கு மேற்காக வைத்தால் இரண்டும் வரிசையாய் அமையும். மாலை முழுவதும் பாதிப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். சென்ட் என்பது பரப்பளவு. களத்துக்கு வேண்டியது பரப்பளவன்று. குறுகிய பக்கத்தின் நீளமும் அது நோக்கும் திசையும். வீட்டு மனை வாங்கிப் பழகிய நமக்கு இது எளிதில் மனத்தில் ஏறுவதில்லை. மச்சானுக்கும் ஏறச் சற்று நேரமாயிற்று.

மறுநாள் பள்ளிவாசல் பக்கத்து நிலம். 45 சென்ட், ஏறத்தாழச் சதுரம். வடக்கு தெற்காக 42 மீட்டர். கிழக்கு மேற்காக வடபுறம் 45 மீட்டர், தென்புறம் 41.8 மீட்டர், கிழக்கெல்லை சற்றுச் சாய்ந்து வருகிறது. சாய்ந்த நிலத்தில் எப்போதும் சிறிய பக்கத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். சராசரி எடுத்தால் வேலி போடும்போது அண்டை வீட்டாருடன் வழக்கு வரும்.

டென்னிஸ் தளத்துக்கு அகலம் 18.29. கூடைப்பந்துக்கு 19. நடுவில் வேலிக்கும் வடிகாலுக்கும் 2 மீட்டர். கூட்டினால் 39.29. தென்புறச் சிறிய பக்கத்தில் 41.8 கிடைக்கிறது, இரண்டரை மீட்டர் மிச்சம். நீளவாக்கில் 36.57 போக 42இல் ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். சுற்றுச்சுவருக்கும் நடக்கும் வழிக்கும் அது போதும். சிறிய நிலம் வென்றது.

"ஆனால் தம்பி, வடக்கு தெற்கு எது என்று எப்படிச் சரியாய்க் கோடு போடுவது? பள்ளிவாசல் சுவரை வைத்துப் போட்டுவிடலாம், பார்க்கவும் அழகாயிருக்கும்" என்றார் மச்சான்.

இதில் பலரும் தவறுகிறார்கள்; ஆகவே சற்று விளக்கமாகச் சொல்கிறேன். நாம் பேச்சு வழக்கில் கிப்லாவை மேற்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் தமிழகத்திலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்திருக்கிறது. சென்னையில் இந்தச் சாய்வு சுமார் 18 பாகை, நாகூர்ப் பக்கம் 20க்குச் சற்று மேல், தென்கோடிக் கடற்கரையில் 23, 24 வரை. எங்கள் ஊர்ப் பள்ளி கிப்லாவைத் திருத்தமாகக் கணித்துக் கட்டப்பட்டது. அதன் சுவர் நேர் மேற்கை நோக்கவில்லை. தொழுகைக்கு அதுவே சரி. ஆனால் அந்தச் சுவருக்கு இணையாகக் களம் போட்டால், களத்தின் தென்முனை மேற்குப் பக்கமாக இருபது பாகை திரும்பிவிடும். குளிர்கால மாலைகளில் சூரியன் மேற்கிலிருந்து தெற்கே தள்ளி மறைகிறது. ஆக தெற்கு நோக்கி ஆடும் பெண் அதன் பக்கமாகவே திரும்பி நிற்பாள். மேலும், 39க்கு 36 மீட்டர்ச் சதுரத்தை இருபது பாகை திருப்பினால் அது 49 மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். நம்மிடம் இருப்பதோ 42.

எனவே பழைய முறையில் நிழலை வைத்தே திசை பார்த்தோம். நிலத்தின் நடுவில் ஒரு கம்பை நேர்குத்தாக நட்டு, அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம் வரைந்தோம். காலையில் கம்பின் நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு முளை. பிற்பகலில் நிழல் நீண்டு மறுபுறம் வட்டத்தைத் தொட்ட இடத்தில் மற்றொரு முளை. இரண்டையும் சேர்த்த கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தானது வடக்கு தெற்கு. மூத்த பேத்தி இதைப் புத்தகத்தில் படித்திருந்தாளாம். வீட்டில் யாரும் செய்து காட்டவில்லை என்று குறைப்பட்டாள்.

அடுத்து மூலைகள். செங்கோணம் பிடிக்கக் கொத்தனார்கள் செய்வதையே செய்தோம். ஒரு பக்கம் 9 மீட்டர், மறுபக்கம் 12 மீட்டர் அளந்து, இரு நுனிகளுக்கும் இடையே 15 மீட்டர் வரும் வரை கயிற்றை நகர்த்தினோம். நான்கு மூலைகளையும் நட்டபின் மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். டென்னிஸ் களத்துக்கு மூலைவிட்டம் 26.18 மீட்டர், கூடைப்பந்துக்கு 31.76. இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று சமமாக வராவிட்டால் களம் கோணலாகிவிட்டது என்று பொருள். முதல் முயற்சியில் எங்களுக்கு ஒரு சாண் வித்தியாசம் வந்தது. துணி நாடா இழுக்க இழுக்க நீள்கிறது. இரும்பு நாடா கொண்டுவரச் சொல்லி மறுபடி அளந்தோம், சரியாயிற்று.

கோடு வரைபவரிடம் சொல்ல வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. டென்னிஸில் எல்லையை அளப்பது கோட்டின் வெளிவிளிம்பு வரை. கோடு களத்தைச் சேர்ந்தது. கூடைப்பந்தில் அளப்பது கோட்டின் உள்விளிம்பு வரை. கோடு களத்துக்கு வெளியே. இரண்டையும் ஒரே மாதிரி அளந்தால் கூடைப்பந்துக் களம் நீளத்திலும் அகலத்திலும் பத்துப் பத்து சென்டிமீட்டர் சுருங்கிவிடும். பழைய வரைபடங்களைப் பார்த்து உட்கோடுகளைப் போடுவோர்க்கு இன்னொரு செய்தி. மூன்று புள்ளி வளைவு 2010இல் 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளப்பட்டது; வளையத்தடியில் இருந்த சரிவகமும் அப்போதே செவ்வகமாயிற்று. நான் படித்த காலத்துப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதை நம்பி வண்ணம் பூசினால் பிழையாகிவிடும்.

நிலத்தின் தரையைப் பற்றி மச்சான் கவலைப்படவில்லை. "சமமாய்த்தானே இருக்கிறது" என்றார். மிகச் சமமாக இருப்பதும் குறையே. சிமெண்ட் தளம் பக்கவாட்டில் மெல்லச் சரிய வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலம். 19 மீட்டர் அகலத்தில் அது ஒரு சாணுக்கும் குறையும். ஆடுபவர் உணரமாட்டார், மழைநீர் உணரும். நடுவில் வலையடியிலிருந்து இருபுறமும் சரியுமாறு சிலர் போடுகிறார்கள். அது தவறு, தளம் முழுவதும் ஒரே சாய்தளமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சரிய வேண்டும். ஒரு தளத்தின் நீர் மற்றதன்மேல் ஓடக் கூடாது. நடுவில் விட்ட இரண்டு மீட்டர் அதற்கும் சேர்த்துத்தான். வடிகாலுக்கு மூடி அவசியம். பந்தும் போய் விழும், காலும் போய் விழும்.

மேலே பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. நிலத்தின் வடகிழக்கு மூலையில் அண்டை வீட்டாரின் வேப்பமரம் ஒன்று கிளைவிரித்திருந்தது. நிழல் நல்லதுதானே என்றாள் என் சகோதரி. கிளை களத்தின்மேல் வரவில்லை. ஆனால் வேர் வரும். சிமெண்ட் தளத்தை வேர் தூக்கி வெடிக்கவைக்கச் சில ஆண்டுகள் போதும். அதனால் மிச்சமிருந்த ஐந்தரை மீட்டரில் பெரும்பகுதியை வடபுறமே விட்டுத் தளங்களைத் தெற்கே தள்ளினோம். மின்கம்பி எதுவும் குறுக்கே போகவில்லை. போயிருந்தால் அந்த நிலத்தையே வேண்டாமென்றிருப்பேன்.

பெண்பிள்ளைகள் ஆடும் இடமாகையால் சுற்றுச்சுவர் உயரமாக வேண்டும் என்றார் மச்சான். நியாயமான விருப்பமே. ஆனால் சுவரைத் தளத்தின் விளிம்பிலேயே எழுப்பி, வெற்றிடத்தைக் கொஞ்சம் கடித்துக்கொள்ளலாம் என்று கொத்தனார் யோசனை சொன்னபோது நான் மறுத்தேன். அந்த இருபத்தோரு அடியும் பன்னிரண்டு அடியும் அலங்காரத்துக்காக விடப்பட்டவை அல்ல. எங்கே கம்பம் நின்றது, யார் தோள் உடைந்தது என்று அப்போதுதான் மச்சானிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துக் கொத்தனாரிடம், "சுவரை எல்லைக் கல்லை ஒட்டியே கட்டுங்கள்" என்றார்.

45 சென்ட் இல்லாத ஊர்களில் என்ன செய்வது என்று கடிதம் எழுதப்போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. டென்னிஸை முழுதாக வைத்துக்கொண்டு, கூடைப்பந்தை அரைக் களமாக்கிக்கொள்ளலாம். மூவர் மூவராக ஆடும் கூடைப்பந்துக்கு ஒரே வளையம். களம் 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம் மட்டுமே. 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இது தனிப் போட்டியாகவே சேர்க்கப்பட்டது. எனவே குறைந்த ஆட்டம் என்று எண்ண வேண்டியதில்லை. இதை டென்னிஸ் தளத்தின் வடமுனைக்கு அப்பால் வேலி பிரித்து வைத்தால், வடக்கு தெற்காக 53 மீட்டரும் அகலம் 20 மீட்டரும் உள்ள நிலம், அதாவது 26 சென்ட் அளவில், இரண்டுக்கும் இடம் தரும். குறுகிய பக்கம் 20 மீட்டருக்குக் குறைந்தால் அதுவும் கைகூடாது. அப்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்றின்மேல் ஒன்றைப் போடாதீர்கள்.

முளைகள் நட்டு முடித்த மாலையில் மூத்த பேத்தி, டென்னிஸின் கடைசிக் கோடு வரவிருக்கும் இடத்தில் நின்று ஒரு பழைய பந்தை மேலே வீசி வீசிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இளையவள் இருபதடி தள்ளித் தன் களத்தில் நின்றுகொண்டு, வளையம் எந்த உயரத்தில் வரும் என்று மூங்கில் ஒன்றைத் தூக்கிப்பிடித்து என்னைக் கேட்டாள். மூன்று மீட்டரும் ஐந்து சென்டிமீட்டரும் அளந்து மூங்கிலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக் கொடுத்தேன்.

சிமெண்ட் இன்னும் போடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். மச்சான் அவசரப்படுகிறார். மழை விட்ட மறுநாள் காலையில் போய், எந்த இடத்தில் நீர் தேங்கி நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே, இன்ஷா அல்லாஹ், சாய்வு எந்தப் பக்கம் என்று கொத்தனாருக்குச் சொல்ல வேண்டும்.